மொத்தம் சரி, வரிகள்தான் பாதியைக் காணோம்: டாஷ்போர்டை ஏ4 பிடிஎஃப் ஆக்கிய அனுபவம்

பவர் பிஐ-யில் ஒரு டேபிள் அதன் பெட்டிக்குள் அடங்காவிட்டால் ஸ்க்ரோல் பட்டை போட்டுக்கொள்ளும். அடியில் இருக்கும் Total வரி மட்டும் ஸ்க்ரோல் ஆகாது. பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் இது நல்ல வசதி. பிடிஎஃப்-க்குப் போனால் இதுவே பெரிய வில்லங்கம். 38 வரி இருக்க வேண்டிய டேபிளில் 16 வரி மட்டும் அச்சாகும், அதற்குக் கீழேயே 38 வரிக்குமான மொத்தம் தெளிவாக உட்கார்ந்திருக்கும். பார்க்க டேபிள் முழுசாக முடிந்த மாதிரியே இருக்கும். எதுவும் வெட்டுப்பட்டதாகத் தோன்றாது.

என் கைக்கு வந்த ஒரு ரிப்போர்ட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. 38 அலகுகளின் சேவைக் கோரிக்கைகளுக்கான மாதாந்திர நிலவரம் அது. வேறொரு குழு திரைக்காகக் கட்டியது. திரையில் அருமையாகவே இருந்தது. ஆனால் மாத ஆய்வுக் கூட்டத்தில் அதைத் திரையில் யாரும் பார்ப்பதில்லை. பிடிஎஃப் எடுத்து, ஏ4 தாளில் அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுப்பார்கள். கணக்குப் பிரிவில் ஒரு அம்மா பென்சிலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வரியெல்லாம் கூட்டினா 611 வருது. கீழே 1,204-னு போட்டிருக்கீங்களே, மீதி எங்க சார்?" என்று கேட்டார். மீதி ஸ்க்ரோலுக்குள் இருந்தது. தாளில் ஸ்க்ரோல் செய்ய முடியாது.

அவர் கூட்டிப் பார்த்ததால் தெரிந்தது. எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததால் மற்றவர்கள் அந்த டேபிளைப் படிக்கவே முயலவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வெட்டுப்படுவது, எழுத்து பொடியாவது, பக்கம் தப்பான இடத்தில் உடைவது என்று மூன்றையும் தனித்தனி கோளாறாகத்தான் பலர் சரிசெய்யப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: பக்கத்தின் அளவைத் தாளைப் பார்த்து முடிவு செய்யவில்லை.

எழுத்து ஏன் பொடியாகிறது

அந்த ரிப்போர்ட்டின் பக்க அளவு 1920×1080 பிக்சல். மானிட்டரின் அளவையே யாரோ கொடுத்திருந்தார்கள். டேபிளில் எழுத்து 9 பாயின்ட். கேட்டால், "9 பாயின்ட் போதுமே, வேர்டு ஆவணத்தில்கூட அது படிக்கிற அளவுதானே" என்பார்கள். தாளுக்குப் போகும்போது அது 9 பாயின்ட்டாகவே இருந்தால் போதும்தான்.

கணக்கு எளிது. பிக்சலைத் தாளுக்கு மாற்ற ஒரு அங்குலத்துக்கு 96 என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஏ4 தாளின் நீளப் பக்கம், அதாவது 297 மிமீ, 1123 பிக்சல். குறுகிய பக்கம், 210 மிமீ, 794 பிக்சல். 1920 பிக்சல் அகலப் பக்கத்தை ஏ4-ஐப் படுக்கையாக வைத்து அதில் அடக்கினால், எல்லாமே 1123-ஐ 1920-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 0.585 மடங்குக்குச் சுருங்கும். 9 பாயின்ட் எழுத்து தாளில் 5.3 பாயின்ட். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்து மாதிரி. நிமிர்ந்த தாளில் அச்சடித்தால் இன்னும் மோசம்: 794-ஐ 1920-ஆல் வகுத்தால் 0.41, எழுத்து 4 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும்.

வழக்கமான 1280×720 பக்கமும் முழுசாகத் தப்பிக்காது. படுக்கை ஏ4-ல் அது 0.877 மடங்கு ஆகும். 9 பாயின்ட் 7.9 ஆகிவிடும். ஆங்கில எழுத்துக்கு அது எப்படியோ ஓடிவிடும். தமிழ் எழுத்துக்கு ஓடாது. சுழியும் கொம்பும் மேல்விலங்கும் உள்ள எழுத்து, 8 பாயின்ட்டுக்குக் கீழே போனால் லேசர் அச்சில்கூட அடைந்து போகும். தமிழ் லேபிளுக்குத் தாளில் 9 பாயின்ட்தான் என் கீழ் எல்லை. கூட்டத்தில் வயதானவர்கள் இருந்தால் 10.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் பக்கத்தை நாம் பெரும்பாலும் Fit to page காட்சியில்தான் பார்க்கிறோம். பெரிய மானிட்டரில் அது பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் திரையில் எழுத்து தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. View தாவலில் Page view போய் Actual size வைத்துப் பாருங்கள். தாளில் வரப்போவதற்குக் கொஞ்சமாவது கிட்ட வரும்.

பக்கத்தைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே போவது இன்னொரு வழக்கம். 1280×2400 என்று வைத்து, திரையில் உருட்டிப் பார்க்கச் செய்வார்கள். பவர் பிஐ-யில் ஒரு ரிப்போர்ட் பக்கம் பிடிஎஃப்-ல் ஒரே பக்கம்தான்; உயரம் எவ்வளவு இருந்தாலும் அது தானாக இரண்டாக, மூன்றாக உடையாது. அந்த நீளப் பக்கத்தைத் தாளில் அடக்கினால் 2400 பிக்சல் உயரம் 1123-க்குள் வர வேண்டும். 0.47 மடங்கு. அகலத்தில் கால்வாசித் தாள் வெறுமையாகக் கிடக்க, நடுவில் ஒரு ஒல்லியான பட்டை அச்சாகும்.

தாளிலிருந்து தொடங்கியது

திரைக்கான பக்கங்களை நான் தொடவில்லை. அவற்றைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்காக அவர்கள் வசதியைக் கெடுக்க வேண்டியதில்லை. அச்சுக்கென்று தனி ரிப்போர்ட் கோப்பு ஒன்றை, அதே செமான்டிக் மாடலை வைத்துக் கட்டினேன். ஒரே கோப்பில் அச்சுப் பக்கங்களை மறைத்து வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் டெஸ்க்டாப்பில் பிடிஎஃப் எடுக்கும்போது மறைத்த பக்கங்கள் வராது. ஒவ்வொரு மாதமும் மறைப்பை எடுத்து, ஏற்றுமதி செய்து, திரும்ப மறைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் யாராவது மறந்துவிடுவார்கள்.

பக்க அளவுக்கு Format பகுதியில் Canvas settings போய் Type-ஐ Custom ஆக்க வேண்டும். அங்கே Letter இருக்கும், ஏ4 இருக்காது. Letter-ஐ எடுத்தால் 816×1056 கிடைக்கும். ஏ4-க்குக் கிட்டத்தட்டச் சரியாகத் தோன்றும், ஆனால் விகிதம் வேறு, அச்சில் மேலும் கீழும் வெள்ளை விழும். நான் அகலம் 794, உயரம் 1123 என்று கொடுத்தேன். அதாவது நிமிர்ந்த தாள்.

இங்கேதான் எனக்கும் குழுவுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். டாஷ்போர்டு என்றாலே படுக்கைதான் என்று எல்லோருக்கும் கை பழகிப்போயிருக்கிறது, திரை படுக்கையாக இருப்பதால். ஆனால் 38 அலகுகளின் பெயரைக் கீழ்க்கீழாக அடுக்க வேண்டிய ரிப்போர்ட்டுக்கு நிமிர்ந்த தாள்தான் பொருந்தும். கணக்கு போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது. மேலும் கீழும் ஓரத்துக்கு 60 பிக்சல், தலைப்புக்கு 70 போக, 1123-ல் மீதி 993. அதில் 38 வரி, தலைப்பு வரி, மொத்த வரி என்று 40 வரி வர வேண்டும். வரிக்கு 24.8 பிக்சல். 10 பாயின்ட் எழுத்துக்கு சுமார் 13 பிக்சல்தான் உயரம். மேலும் கீழும் தாராளமாக மூச்சுவிட இடம் இருக்கிறது. படுக்கைத் தாளில் இதே 40 வரியை 664 பிக்சலுக்குள் திணிக்க வேண்டியிருந்திருக்கும், வரிக்கு 16.6.

ஆனாலும் 24.8-ஐ முழுசாகச் செலவழிக்கவில்லை. நாளைக்கு அலகு எண்ணிக்கை 40 ஆகலாம், 42 ஆகலாம். 44 வரிக்கு இடம் வைத்து, வரிக்கு 22 பிக்சல் வரும்படி Grid பகுதியில் Row padding-ஐக் குறைத்தேன். அதே சமயம் Values-ல் Text wrap-ஐ அணைத்தேன். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு நீளமான பெயர் இரண்டு வரியாக மடிந்து, போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும். நெடுவரிசை அகலம் தானாக மாறும் Auto-size வசதியையும் அணைத்தேன். அடுத்த மாதம் ஒரு எண் நீளமாகிவிட்டால், நெடுவரிசைகள் விரிந்து கடைசி நெடுவரிசை வலப்பக்கம் ஸ்க்ரோலுக்குள் போய்விடும். பிடிஎஃப்-ல் அது அப்படியே காணாமல் போகும். அதுவும் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

சத்தமில்லாமல் நடப்பதுதான் பயம் என்பதால், டேபிளுக்கு மேலே ஒரு சிறு கார்டு வைத்தேன். அதில் இந்த மெஷர்:

```
Unit Count = "Units: " & DISTINCTCOUNT(Requests[Unit])
```

டேபிளில் முதல் நெடுவரிசையாக வரிசை எண்ணும் உண்டு. கார்டில் 41 என்று இருந்து, டேபிள் 38-ல் முடிந்தால், பென்சில் எடுத்துக் கூட்டாமலேயே யாருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவுக்கு ரிப்போர்ட்டில் பிடித்த ஒரே விஷயம் அந்தக் கார்டுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

படங்கள்

பார் சார்ட்டும் டேபிளைப் போலவே ஸ்க்ரோலுக்குள் வகைகளை ஒளித்து வைக்கும். பழைய பக்கத்தில் 38 அலகுக்கும் ஒரு பார் சார்ட் இருந்தது. தாளில் தெரிந்தது மேலே உள்ள சில பார்கள் மட்டும். சார்ட்டில் மொத்த வரி இல்லாததால் யாராலும் கூட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரோல் பட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு விஷுவல் மேலும் மவுஸை வைத்துப் பார்ப்பதுதான் வழி. சில சமயம் மவுஸ் மேலே போனால்தான் அது முகம் காட்டும்.

38 பார்களை முதல் பக்கத்தில் அடக்க முயல வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டாம் பக்கத்தில் முழு டேபிள் இருக்கிறது. அதே டேபிளின் நிலுவை நெடுவரிசையில் Conditional formatting வழியாக Data bars போட்டால் பார் சார்ட்டின் வேலையும் நடந்துவிடும். முதல் பக்கத்தில் நிலுவை அதிகமுள்ள 10 அலகுகள் மட்டும், Top N வடிகட்டியுடன். தலைப்பிலேயே "நிலுவை அதிகமுள்ள 10 அலகுகள்" என்று எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் மொத்தமே 10 அலகுதான் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். சம நிலுவையில் இரண்டு அலகுகள் பத்தாம் இடத்துக்குப் போட்டியிட்டால் Top N இரண்டையும் காட்டும். 11 பார் வரும். அதற்கும் இடம் விட்டு வைத்தேன்.

அலகுப் பெயர்கள் பார் சார்ட்டில் மூன்று புள்ளியோடு பாதியில் நின்றுபோவதும் வெட்டுப்படுதல்தான். திரையில் மவுஸை வைத்தால் முழுப்பெயர் வரும், தாளில் வராது. Y-axis-ல் Values பகுதியில் Maximum width என்று ஒரு சதவீதம் இருக்கிறது. பெயர்களுக்கு சார்ட்டின் அகலத்தில் எவ்வளவு பங்கு தரலாம் என்பதே அது. அதை 45 சதவீதம் ஆக்கினேன். பார்கள் குட்டையாகின, பெயர்கள் முழுசாக வந்தன. பார் குட்டையானால் ஒப்பிடுவது கெடாது. பெயர் தெரியாவிட்டால் ஒப்பிட எதுவுமே இல்லை.

12 மாதக் கோட்டுப் படத்துக்கும் இதே நியாயம். திரையில் புள்ளியின் மேல் மவுஸை வைத்தால் எண் வரும், அதனால் படத்தில் எண் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. டேட்டா லேபிளை இயக்கினேன். வந்த கோரிக்கை, முடித்த கோரிக்கை என்று இரண்டு கோட்டுக்கும் லேபிள் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. நிலுவைக்கு ஒரே கோடாக மாற்றி, மற்ற இரண்டையும் டேபிளுக்கு அனுப்பிவிட்டேன்.

ஸ்லைசர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல அலகுகளைத் தேர்ந்தெடுத்தால் கீழிறங்கும் ஸ்லைசர் Multiple selections என்று மட்டும் காட்டும். திரையில் திறந்து பார்க்கலாம். தாளில் அந்த வார்த்தைக்கு எந்தப் பயனும் இல்லை. அச்சுப் பக்கத்திலிருந்து ஸ்லைசரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேர்வை எழுத்தாகக் காட்டும் மெஷரை வைத்தேன். தேர்வு இப்போது Filters பலகத்தில் நடக்கிறது:

```
Selected Units =
IF(
    ISFILTERED(Requests[Unit]),
    CONCATENATEX(VALUES(Requests[Unit]), Requests[Unit], ", "),
    "All units"
)
```

நீளப் பட்டியலுக்கு வேறு கருவி

நிலுவையில் உள்ள கோரிக்கைகளின் விவரப் பட்டியல்தான் கடைசிச் சிக்கல். மாதத்துக்குச் சுமார் 180 வரி. சில மாதம் கூடும், சில மாதம் குறையும். இதை எந்தக் கணக்கு போட்டும் பவர் பிஐ பக்கத்தில் அடக்க முடியாது. வரி எண்ணிக்கை தெரியாத பட்டியல் தானாக அடுத்த பக்கத்துக்கு வழிந்து ஓட வேண்டும். சாதாரணப் பவர் பிஐ பக்கத்துக்கு அந்தக் குணமே கிடையாது. பட்டியலை 40, 40 ஆக வெட்டி நாலைந்து பக்கங்களில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 201-வது வரி வரும் மாதம் அது உடையும்.

இதற்கென்றே உள்ளது பவர் பிஐ ரிப்போர்ட் பில்டர். பேஜினேட்டட் ரிப்போர்ட் கட்டும் இலவசக் கருவி. அதே செமான்டிக் மாடலோடு இணைத்துக்கொள்ளலாம். பார்க்கப் பழைய காலத்து மென்பொருள் போல இருக்கும். ஆனால் தாள், ஓரம், பக்கம் என்பதெல்லாம் இதற்குத் தெரியும். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் சொல்லலாம்.

இதில் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் வெற்றுப் பக்கம். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெள்ளையாக வரும், அல்லது கடைசி நெடுவரிசை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் நிற்கும். காரணம் எப்போதும் ஒன்றுதான்: Body அகலமும் இட வல ஓரங்களும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டிவிட்டன. நிமிர்ந்த ஏ4 21 செமீ. ஓரம் இரு பக்கமும் 1.5 என்றால் Body 18 செமீ-க்கு மேல் போகக் கூடாது. என் பட்டியலுக்கு எண் 1.8, தேதி 2.1, விவரம் 7.6, பொறுப்பாளர் 3.0, நாட்கள் 1.3, நிலை 1.9 என்று கொடுத்தேன். கூட்டினால் 17.7. அலகுக்குத் தனி நெடுவரிசை வைக்கவில்லை, அது குழுத் தலைப்பாக மேலே வருகிறது. அதனால் மிச்சமான இடம் விவரத்துக்குப் போனது.

நெடுவரிசைகள் 17.7 இருந்தும் வெற்றுப் பக்கம் வந்ததென்றால் பலருக்குத் தலை சுற்றும். ஒரு நெடுவரிசையை மவுஸால் இழுத்து அகலமாக்கும்போது Body-யும் கூடவே விரிந்துகொள்ளும். திரும்ப நெடுவரிசையைச் சுருக்கினால் Body சுருங்காது. விரிந்த இடத்திலேயே நிற்கும். வடிவமைப்புத் திரையில் வலப்பக்கம் கொஞ்சம் வெள்ளை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். Body-யைத் தேர்ந்தெடுத்து Properties-ல் Size-ஐ நேரடியாகப் பார்த்து, அகலத்தை 18-க்குள் தட்டச்சு செய்துவிடுவதே பாதுகாப்பு.

சாதாரணமாக Run அழுத்தினால் வரும் தோற்றத்தையும் நம்ப வேண்டாம். அது திரைக்கான அளவில், Interactive Size என்ற வேறு அமைப்பைப் பார்த்துப் பக்கம் பிரிக்கிறது. பிடிஎஃப் Page Size-ஐப் பார்க்கிறது. Print Layout பொத்தானை அழுத்தினால்தான் பிடிஎஃப் எப்படி உடையும் என்பது தெரியும்.

அடுத்தது தலைப்பு வரி. இரண்டாம் பக்கத்திலிருந்து நெடுவரிசைத் தலைப்புகள் இல்லாமல் வெறும் எண்கள் ஓடும். டேபிளின் அமைப்புகளில் தலைப்பு வரியைப் பக்கந்தோறும் திரும்பக் காட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டும் வேலை செய்யவில்லை என்று புலம்பாதவர் இல்லை. சாதாரண டேபிளுக்கு அந்த டிக் போதாது. கீழே Grouping பகுதியில் சிறு அம்புக்குறியைத் திறந்து Advanced Mode-ஐ இயக்க வேண்டும். Row Groups-ன் உச்சியில் Static என்று ஒன்று முளைக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, Properties-ல் RepeatOnNewPage-ஐ True, KeepWithGroup-ஐ After என்று வைக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

குழுத் தலைப்புக்கும் இதே இரண்டு அமைப்புகளைக் கொடுத்தேன். KeepWithGroup இல்லாதபோது ஒரு அலகின் பெயர் பக்கத்தின் கடைசி வரியில் தனியாகத் தொங்கும், அதன் கோரிக்கைகள் அடுத்த பக்கத்தில் தொடங்கும். RepeatOnNewPage இல்லாதபோது, நீளமான அலகின் மீதி வரிகள் அடுத்த பக்கத்தில் யாருடையவை என்றே தெரியாமல் தொடங்கும்.

குழுவுக்கு KeepTogether என்றும் ஒன்று உண்டு. ஒரு அலகின் வரிகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைக்கப் பார்க்கும். கேட்க நன்றாக இருக்கிறது, நான் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். ஓரங்களும் மேல், கீழ்ப் பகுதிகளும் போக என் பக்கத்தில் 24.1 செமீ உயரம் இருந்தது. தலைப்பு வரி 0.8 போக, 0.6 செமீ வரிகள் 38 அடங்கும். 15 வரி உள்ள ஒரு அலகு பக்கத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வந்தால், அது முழுசாக அடுத்த பக்கத்துக்குத் தாவி, இங்கே மூன்றில் ஒரு பங்கு தாள் வெறுமையாகக் கிடக்கும். படிப்பவர் பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார். ஒரு அலகில் 38-க்கு மேல் வரிகள் இருந்தால் KeepTogether-ஆல் எதுவும் செய்ய முடியாது, எப்படியும் உடையும். அலகுகள் எல்லாம் நாலைந்து வரி மட்டுமே உள்ள ரிப்போர்ட்டுக்கு அது சரி. எனக்குத் தலைப்பு கூடவே வருவதே போதுமானதாக இருந்தது.

விவர நெடுவரிசையில் நீளமான வாசகங்கள் மடிந்து இரண்டு, மூன்று வரியாகும். CanGrow இயல்பாகவே True என்பதால் உயரம் தானாகக் கூடும், எழுத்து வெட்டுப்படாது. அகலம் மட்டும் ஒருபோதும் தானாகக் கூடாது. இடைவெளியில்லாத நீளமான குறியீடுகள் குறுகிய நெடுவரிசையில் கண்ட இடத்தில் உடையும். எண் நெடுவரிசைக்கு 1.8 கொடுத்தது அதற்காகத்தான். மடிந்த வரிகளையும் குழுத் தலைப்புகளையும் சேர்த்துப் பட்டியல் ஏழெட்டுப் பக்கம் வருகிறது. அடிப்பகுதியில் இது இருக்கிறது:

```
=Globals!PageNumber & " / " & Globals!TotalPages
```

இரண்டு கோப்புகளாக வருவது ஒரு குறைதான். இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று, விவரப் பட்டியல் ஒன்று. சார்ட்டுகளையும் ரிப்போர்ட் பில்டரிலேயே வரைந்து ஒரே கோப்பாக்கலாம். அதன் சார்ட்டுகளை அழகாக்க ஆகும் நேரத்தை நினைத்து நான் அதைச் செய்யவில்லை. இரண்டும் ஒரே ஏ4 நிமிர்ந்த அளவில் இருப்பதால் பிடிஎஃப் கருவி எதிலும் ஒட்டிவிடலாம்.

ஏற்றுமதியும் அச்சும்

பவர் பிஐ சர்வீஸிலிருந்து Export போய் PDF-ஐ அழுத்தினால் Current values, Default values என்று கேட்கும். ஒரு அலகை வடிகட்டி வைத்துவிட்டு Default values-ல் எடுத்தால், வடிகட்டாத பழைய நிலைதான் வரும். மேலே சொன்ன தேர்வு மெஷர் இங்கே கைகொடுக்கும். All units என்று இருந்தாலே எடுத்தது தப்பு என்று தெரிந்துவிடும்.

அச்சடிக்கும் இடத்தில் இன்னொரு சுருக்கம் ஒளிந்திருக்கிறது. பிடிஎஃப் மென்பொருளில் Fit தேர்வு, பிரிண்டரால் தொட முடியாத ஓரங்களைக் கணக்கில் வைத்துப் பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கும். அது எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஊகிப்பதற்குப் பதில் அளந்துவிடலாம்: அச்சுப் பக்கத்தின் அடியில் 378 பிக்சல் அகலத்தில் ஒரு மெல்லிய கோடு வரைந்தேன். 96-ஆல் வகுத்து மிமீ ஆக்கினால் அது சரியாக 10 செமீ. அச்சடித்துவிட்டு ஸ்கேலை வைத்தால், 9.5 செமீ இருந்தது. அதாவது 10 பாயின்ட் எழுத்து தாளில் 9.5. எனக்குப் போதும். 7 செமீ-க்குப் பக்கத்தில் வந்தால் யாரோ இரண்டு பக்கத்தை ஒரே தாளில் அச்சடிக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியும் ஒருமுறை நடந்தது, தாள் மிச்சம் பிடிக்கிறேன் என்று. சரிபார்த்த பிறகு அந்தக் கோட்டை எடுத்துவிட நினைத்தேன். புதுப் பிரிண்டர் வரும்போது வேண்டும் என்று சாம்பல் நிறத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு மேலாளர் இதே பிடிஎஃப்-ஐக் கைபேசியில் பார்த்துவிட்டு எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். சின்னதாகத்தான் இருக்கும், 210 மிமீ அகலப் பக்கம் 70 மிமீ திரையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 10 பாயின்ட் அங்கே 3.3. அதைச் சரிசெய்ய எழுத்தை 28 பாயின்ட் ஆக்கினால் 38 அலகும் ஒரே தாளில் அடங்காது. கைபேசிக்கு அதே ரிப்போர்ட்டின் மொபைல் தளவமைப்பு இருக்கிறது, அதைத் திறந்துகொள்ளுங்கள் என்று இணைப்பை அனுப்பி வைத்தேன்.